ஐந்து வாக்கியம், ஐந்து சறுக்கல்

மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுத் தருகிறேன். வகுப்பு முடியும் வாரத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். முன்னும் பின்னுமாக ஒரே தாள், அதற்கு மேல் வைத்தால் யாரும் படிப்பதில்லை. காலம் தவறிப்போகும் இடங்கள்தான் அதில் இருக்கும். இந்தத் தடவை அந்தத் தாளுக்கு உதாரணம் தேடி நான் அலையவேயில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருப்பவர், வேறு கம்பெனி இன்டர்வியூவுக்காக ஒத்திகை பார்க்க வந்தார். 'உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க' என்றேன். மூச்சுவிடாமல் ஐந்து வாக்கியம் சொன்னார்:

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் எய்ட் இயர்ஸ். ஐ ஆம் ஹேவிங் தர்ட்டி டெய்லர்ஸ் அண்டர் மீ. டெய்லி ஐ வில் செக் த பீஸஸ். லாஸ்ட் மன்த் வி ஹேவ் ஃபினிஷ்ட் எ பிக் ஆர்டர். வி டிடின்ட் டுக் எனி எக்ஸ்ட்ரா டைம்.'

சொல்லவந்தது முழுவதும் புரிகிறது. ஆனால் ஐந்திலும் காலம் சறுக்கியிருக்கிறது. ஐந்துக்கும் அடியில் சுத்தமான தமிழ் வாக்கியம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதனால் என் தாளில் தப்பு, சரி என்று இரண்டு கட்டம் மட்டும் போடுவதில்லை. நடுவே மூன்றாவதாக ஒரு கட்டம், அதில் மனசுக்குள் ஓடிய தமிழ்.

முதல் வாக்கியத்தின் தமிழ், 'எட்டு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்.' தமிழில் இது நிகழ்காலம், குறையொன்றும் இல்லை. இங்கிலீஷில், அன்று தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு 'ஹேவ் பீன்' வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தமிழே ஒரு மணி அடிக்கிறது. 'வருஷமா', 'மாசமா', 'ரெண்டு நாளா' என்று கடைசியில் ஒரு 'ஆ' வந்தால் அது 'ஃபார்'. '2017-லருந்து', 'திங்கட்கிழமையிலருந்து' என்று 'லருந்து' வந்தால் அது 'சின்ஸ்'. அளவுக்கு ஒன்று, ஆரம்பித்த புள்ளிக்கு ஒன்று. இரண்டில் எது காதில் விழுந்தாலும் 'ஹேவ் பீன்' கூடவே வரவேண்டும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் எய்ட் இயர்ஸ்.' சிலர் பயந்துபோய் 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் எய்ட் இயர்ஸ்' என்று இறந்தகாலத்துக்கு ஓடிவிடுகிறார்கள். இலக்கணத்தில் அது தப்பில்லை, ஆனால் பொருள் மாறிவிடுகிறது. கேட்பவர் இவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார். இன்டர்வியூவில் அடுத்த கேள்வி 'ஏன் விட்டீங்க?' என்று வரும்.

இரண்டாவது, 'முப்பது டெய்லர் இருக்காங்க.' இந்த 'இங்' ஒட்டும் பழக்கம் நம்மிடம் தீராத ஒன்று. 'போறேன்' என்ற ஒரே சொல் நமக்கு 'ஐ கோ'வாகவும் இருக்கிறது, 'ஐ ஆம் கோயிங்'காகவும் இருக்கிறது. எதை எடுப்பது என்ற குழப்பத்தில் நீளமானதை எடுத்துவிடுகிறோம். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை, தமிழில் 'கிட்டு இருக்கு' சேர்த்துப் பார்ப்பது. 'சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்' சரியாக ஒலிக்கிறது, ஆகவே 'ஐ ஆம் ஈட்டிங்'. 'முப்பது டெய்லர் இருந்துக்கிட்டு இருக்காங்க' என்றால் வகுப்பே சிரிக்கும். 'எனக்குத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு' என்றாலும் அப்படித்தான். சிரிப்பு வந்தால் 'இங்' வேண்டாம்: 'ஐ ஹேவ் தர்ட்டி டெய்லர்ஸ்', 'ஐ நோ'. சோதனை எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் தாளிலேயே எழுதிவிடுகிறேன். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரிதான், ஏனென்றால் அங்கே 'ஹேவ்' என்பது சாப்பிடுவது, வைத்திருப்பது இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சறுக்கல், ஏனென்றால் அது முழுக்க நம் ஊர்ச் சரக்கு. 'தினமும் பீஸ் செக் பண்ணுவேன்.' 'அப்பா அஞ்சு மணிக்கே எந்திரிப்பார்.' தமிழில் எதிர்கால உருவம்தான் பழக்கத்தையும் சொல்கிறது. நாளைக்கும் 'பண்ணுவேன்', தினமும் 'பண்ணுவேன்'. அதை அப்படியே தூக்கி 'ஐ வில் செக்' என்றால், இதுவரை பார்க்காதவர் இனிமேல் பார்ப்பதாக வாக்குக் கொடுக்கிற மாதிரி கேட்கும். 'ஐ செக் த பீஸஸ் டெய்லி', அவ்வளவே. பழைய பழக்கமானால் இன்னும் வேடிக்கை. 'சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்' என்பதை 'இன் சைல்ட்ஹுட் வி வில் பேத் இன் த ரிவர்' என்று ஒருவர் சொன்னார். அந்தக் 'குளிப்போ'முக்கு இங்கிலீஷில் 'யூஸ்ட் டு' என்று தனியாக ஓர் ஏற்பாடு உண்டு: 'வி யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்.'

நான்காவதில் மாட்டிக்கொள்கிறவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். 'முடிச்சிருக்கோம்' என்பதற்கு 'ஹேவ் ஃபினிஷ்ட்' என்று தெரிந்துவைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தப்பே வரும். 'முடிச்சு', 'இருக்கோம்' என்ற இரண்டும் சேர்ந்தது போலத்தான் இங்கிலீஷிலும் இரண்டு துண்டு. பொருத்தம் அதுவரைக்கும்தான். 'போன மாசம் முடிச்சிருக்கோம்', 'நேத்து வந்திருக்கார்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். இங்கிலீஷில் முடிந்துபோன நாளையோ மாதத்தையோ வாயால் சொன்ன மாத்திரத்தில் 'ஹேவ்' வெளியேறிவிட வேண்டும். 'எஸ்டர்டே', 'லாஸ்ட் மன்த்', 'இன் 2019', இவை எதுவும் அதோடு ஒத்துப்போகாது. 'வி ஃபினிஷ்ட் எ பிக் ஆர்டர் லாஸ்ட் மன்த்.' எப்போது என்று சொல்லாவிட்டால் மட்டும் 'வி ஹேவ் ஃபினிஷ்ட் எ பிக் ஆர்டர்' நிற்கும்.

ஐந்தாவதுக்கு இலக்கணம் தெரியாதவர் யாருமில்லை. 'டிட்' வந்தால் பின்னால் வருவது மாறாது என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள். வாய் மட்டும் 'டிடின்ட் டுக்', 'டிட் யூ வென்ட்' என்கிறது. நான் தமிழைக் காட்டினேன். 'எடுக்கல' என்பது 'எடுக்க இல்லை'. அந்த 'எடுக்க'வில் இறந்தகாலம் இருக்கிறதா? இல்லை. நான் எடுக்கல, நீ எடுக்கல, அவங்க எடுக்கல, எதுவும் அசையவில்லை. 'டிடின்ட் டேக்' அச்சு அசல் அதேதான். 'அட, ஆமாங்க சார்' என்றார் சூப்பர்வைசர். கேள்விக்கு இந்த வித்தை உதவாது. 'எடுத்தீங்களா' என்பதற்குள்ளேயே இறந்தகாலம் ஒளிந்திருக்கிறது. என் வகுப்பில் 'டிடின்ட் வென்ட்' சீக்கிரம் போய்விடுகிறது, 'டிட் யூ வென்ட்' மாதக்கணக்கில் தங்குகிறது. அதற்குச் சொல்லிச் சொல்லிப் பழகுவது தவிர வழி தெரியவில்லை. அதனால் தாளின் பின்பக்கத்தில் பாதியை அந்தக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டேன்.

தாளை நெடுக்காக மடித்து, தமிழ்க் கட்டம் மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தமிழைப் பார்த்து, மூன்று எண்ணுவதற்குள் இங்கிலீஷை வாய்விட்டுச் சொல்லவேண்டும், பிறகுதான் திறந்து பார்க்கவேண்டும். தப்பான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதை நான் அனுமதிப்பதில்லை, கடைசியில் அதுதான் வாயில் ஒட்டுகிறது.

மறுவாரம் சூப்பர்வைசர் திரும்ப வந்து ஒப்பித்தார். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் எய்ட் இயர்ஸ். ஐ ஹேவ் தர்ட்டி டெய்லர்ஸ் அண்டர் மீ. ஐ செக் த பீஸஸ் டெய்லி. லாஸ்ட் மன்த் வி ஃபினிஷ்ட் எ பிக் ஆர்டர். வி டிடின்ட் டேக் எனி எக்ஸ்ட்ரா டைம்.' இன்டர்வியூ எப்போது என்று கேட்டேன். 'டுமாரோ ஐ கோ, சார்' என்றார். 'வில்' மேல் அவருக்கு அவ்வளவு பயம் வந்திருந்தது. தாளின் ஓரத்தில் பேனாவால் ஆறாவது வரி ஒன்று சேர்த்துக் கொடுத்தேன்: நாளைக்கு என்றால் 'ஐ ஆம் கோயிங் டுமாரோ', அங்கே 'இங்' போடலாம்.