பச்சைத் திரையும் நரைத்த முடியும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் நேர்காணலை எடுத்துக்கொள்வோம். நரைத்த முடி, வெள்ளை ரவிக்கை, மஞ்சள் பட்டுப்புடவை. பின்னால் பச்சைத் துணி கட்டி, ஒரே விளக்கை வலப்பக்கம் வைத்துப் படம்பிடித்திருக்கிறார்கள். துணியின் வலப்பக்கம் பளிச்சென்றும் இடது கீழ்மூலை மங்கியும் கிடக்கிறது. அவர் துணியை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் தோளிலும் முடியோரத்திலும் பச்சை படர்ந்திருக்கிறது. இந்தப் பச்சையை நீக்கிவிட்டு, பின்னால் அவருடைய பள்ளியின் படத்தை வைக்கவேண்டும்.

மென்பொருளில் பச்சையை ஒருமுறை தொட்டுக்காட்டியதும் பெரும்பகுதி போய்விடும். இடது மூலையில் மட்டும் பாசி படிந்ததுபோல் ஒரு மங்கல் நிற்கும். அதைப் போக்கக் கட்டுப்பாட்டைக் கூட்டினால் மூலை சுத்தமாகும், கூடவே முடி காணாமல் போகும். தலை, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிய படம்போல் ஆகிவிடும். ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது. சிவப்பு, நீலம் இரண்டில் எது பெரியதோ அதைப் பச்சையிலிருந்து கழித்து, மிஞ்சுவதை வைத்துத்தான் பெரும்பாலான மென்பொருள்கள் திரையை அடையாளம் காண்கின்றன. பெட்ரோ விளாஹோஸ் என்பவர் 1959இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்துக்காக நீலத் திரையை வைத்து வகுத்த முறையின் வழி வந்தது இது.

நம் படத்தில் திரையின் பிரகாசமான பகுதி 60, 200, 70. கழித்தால் 130. மங்கிய மூலை 25, 85, 35. கழித்தால் 50தான். 130 இருந்தால் முழுத் திரை என்று மென்பொருளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஆகவே 50 உள்ள மூலையில் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட அது நீக்காது. மங்கல் நிற்பது அதனால்தான்.

இனி வலப்பக்கத்து முடியைப் பார்ப்போம். நரைத்த முடியின் நிறம் 200, 200, 194. ஓர் இழை ஒரு புள்ளியின் பாதியை மறைக்கிறது, மறுபாதியில் திரை தெரிகிறது என்றால் அந்தப் புள்ளி 130, 200, 132 ஆகும். கழித்தால் 68. 130இல் 68 என்பது ஏறக்குறையப் பாதி. கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் மூலையைச் சுத்தமாக்க 50ஐயே முழுத் திரை என்று மாற்றினால், 68 உள்ள இந்த முடியும் திரையாகிவிடும். மூலைக்கும் முடிக்கும் சேர்ந்து பொருந்தும் ஒரே அளவு இந்தப் படத்தில் கிடையாது. எத்தனை மணிநேரம் திருகினாலும் கிடைக்காது.

எனவே முதலில் தேவையற்ற இடத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். அவர் கையசைக்கும் எல்லை வரை இடம் விட்டு, சுற்றிலும் தளர்வாக ஒரு மாஸ்க் வரையுங்கள். அவர் எட்டாத மூலைகள் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இனிக் கவலையில்லை.

மாஸ்க்குக்குள்ளும் ஒளி ஒரே சீராக இருக்காது. அதற்குத்தான் ‘கிளீன் பிளேட்’: ஆள் இல்லாத வெறும் திரையின் படம். அதே விளக்கில், கேமராவை நகர்த்தாமல், ஆள் எழுந்துபோன பின் சில விநாடிகள் எடுத்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றாலும் செய்துகொள்ளலாம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே, Fusion பக்கத்தில் Clean Plate என்ற கருவி இருக்கிறது. அது ஆளைச் சுற்றியுள்ள பச்சையை உள்நோக்கி வளர்த்து, ஆள் மறைத்த இடத்தையும் நிரப்பித் தரும். அதை Delta Keyer கருவிக்குக் கொடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த இடத்துத் திரையோடு ஒப்பிடப்படும். மங்கிய இடத்தில் 50க்கு 50, முழுத் திரை. முடியில் 130க்கு 68, பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகின்றன.

அடுத்து, ஆல்ஃபாவைக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். ஆள் முழு வெள்ளையாகவும் திரை முழுக் கறுப்பாகவும் இருக்கவேண்டும். முடியோரம் மட்டும் சாம்பல் நிறமாக இருக்கலாம். நம் படத்தில் ரவிக்கையின் தோளும் சாம்பலாகத் தெரியும். அங்கே பச்சை படர்ந்து 180, 215, 175 ஆகியிருப்பதால், கழித்தால் 35 வருகிறது. தோள் வழியே பள்ளிக் கட்டடம் லேசாகத் தெரிந்துவிடும். இதற்காக ஓரத்தைக் கெடுக்கக்கூடாது. உடலின் உள்ளே, ஓரத்திலிருந்து சற்று விலகி இன்னொரு மாஸ்க் போட்டு, அதன் விளிம்பை மென்மையாக்கி, உட்பகுதியை மட்டும் வெள்ளையால் நிரப்பினால் போதும்.

இப்போது ஓரத்துப் பச்சை. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு ஆல்ஃபாவைச் சுருக்கி, பச்சை படிந்த ஓரத்தையே நறுக்கிவிடுகிறார்கள். அது முடியையும் சேர்த்து நறுக்கும். எந்தப் புள்ளி நிற்கவேண்டும் என்பது ஒரு வேலை. நிற்கும் புள்ளிக்கு என்ன நிறம் என்பது வேறு வேலை. இரண்டையும் பிரித்துச் செய்வதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிறத்தைத் திருத்தும் விதி எளிது: சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியைப் பச்சை தாண்டக்கூடாது. தோளின் 180, 215, 175இல் சராசரி ஏறத்தாழ 178. பச்சையை அங்கே நிறுத்தினால் 180, 178, 175 என்று வெள்ளைத் துணியின் நிறம் திரும்பிவிடும். தோலின் நிறம் 200, 150, 120 என்றால் சராசரி 160. பச்சை அதற்குக் கீழேயே இருப்பதால் முகம் மாறாது.

ஆனால் மஞ்சள் புடவை 220, 190, 40. சராசரி 130. இதே விதியைப் போட்டால் புடவை ஆரஞ்சாகிவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும், சராசரிக்குப் பதிலாக இரண்டில் பெரிய எண்ணை எல்லையாக வைக்கவேண்டும். 220ஐ 190 தாண்டவில்லை என்பதால் பட்டு தன் நிறத்திலேயே இருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு மிகப் பெரியது. அதைக் குறைத்ததும் முடியோரம் இருண்டு, தலையைச் சுற்றி மை தீட்டியதுபோல் ஒரு கோடு தோன்றும். நீக்கிய அளவு வெளிச்சத்தைப் புதிய பின்னணியின் நிறத்தில், நன்றாக மங்கலாக்கி, ஓரத்தில் திருப்பிச் சேர்த்தால் அது மறைந்துவிடும். வெயிலடிக்கும் பள்ளி முற்றம் பின்னால் இருக்கும்போது முடியோரத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருப்பது இயல்புதானே.

முடித்ததும் ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்திய படத்தில் தெரியாத குறை ஓடும்போது ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் துடிக்கும். பெரும்பாலும் அது பதிவின் குறை. பல கேமராக்கள் இடத்தை மிச்சப்படுத்த, நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத்தகவலைத்தான் எழுதுகின்றன. இதை 4:2:0 என்பார்கள். முடியிழையின் நிறம் அப்போதே கட்டம் கட்டமாகிவிடுகிறது. 4:2:2 பதிவில் இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறம் கிடைப்பதால் ஓரம் தெளிவாக வரும். அந்த வசதி இல்லாதவர்கள் 4K அளவில் எடுத்து, நிறநீக்கத்தை முடித்தபின் எச்டி அளவுக்குச் சுருக்கலாம். நல்ல பலன் தரும்.

படப்பிடிப்புக்கு முன்பே யோசிப்பவர்கள் ஆளைத் திரையிலிருந்து ஆறேழு அடி முன்னால் உட்காரவையுங்கள். திரைக்கும் ஆளுக்கும் தனித்தனி விளக்கு வையுங்கள். மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தால் அதில் பச்சை பிரதிபலிக்கிறதா என்று பார்த்து, முகத்தையோ விளக்கையோ கொஞ்சம் திருப்புங்கள். கண்ணாடியில் விழுந்த பச்சை கண்ணையே மறைத்துவிட்டால், நிறத்தைச் சாம்பலாக்க முடியுமே தவிர, கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது.