பூனை முக்கினால் மலச்சிக்கலா?

"வாங்கம்மா, உட்காருங்க. இவனுக்கு என்ன செய்யுது? முதல்லேர்ந்து சொல்லுங்க." கேட்டுவிட்டு டாக்டர் குறுக்கிடவில்லை.

"மலச்சிக்கல் சார். நேத்திலேர்ந்து முக்குறான்."

அது நோயின் பெயர். டாக்டருக்கு வேண்டியது அவர் கண்ணால் கண்டது. காத்திருந்ததில் அதுவும் வந்தது. பத்து முறை மண் தட்டுக்குப் போனான், அடியை நக்கினான், காலையில் வாந்தி.

"மண் நனைஞ்சிருந்துதா?"

"இல்லையே..."

டாக்டர் வயிற்றைத் தொட்டார். மூத்திரப்பை எலுமிச்சையைவிடப் பெரிதாக, கல்லுபோல இருந்தது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. மணல்போன்ற துகள் அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயமே நின்றுவிடலாம். பேதி மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் அவ்வளவுதான். மயக்க ஊசி போட்டு, மெல்லிய டியூப் செலுத்தினார்கள். சிவப்பாகச் சிறுநீர் சொட்டத் தொடங்கியது.