‘ஹே’யில் தொடங்கி ‘நவ்’வில் முடியும் பேச்சு

மேற்கிலிருந்து வீசும் காற்று வட கடலின் ஈரத்தை நெதர்லாந்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் அங்கே மழை ஒரு பருவத்தோடு நிற்பதில்லை. காலையில் வெயில் அடித்த தெருவில் மதியம் தூறல் விழும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்க, அங்கே வானிலையைவிட வசதியான விஷயம் கிடையாது.

வெயில் அடித்தால் ‘லெக்கர் வேர், ஹே?’ என்பார்கள். மழையும் காற்றுமாக இருந்தால் ‘வாட் அன் வேர், ஹே?’. லேசாகக் குளிர்ந்தால் ‘ஃப்ரிஸ், ஹே?’. ‘வேர்’ என்பது வானிலை. ஆனால் கவனிக்க வேண்டியது கடைசியில் வரும் ‘ஹே’யைத்தான். ‘நல்ல வெயில், இல்ல?’ என்று நாம் இழுக்கும் அந்த ‘இல்ல’வின் வேலையைத்தான் அது செய்கிறது. அவர் தகவல் கேட்கவில்லை, ஆமோதிப்பை எதிர்பார்க்கிறார்.

டச்சு மொழியைப் புதிதாகப் படித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘எனக்கு இந்தக் குளிர் பிடிக்கும்’ என்று இலக்கணப் பிழையில்லாமல் பதில் சொல்வார்கள். பேச்சு அங்கேயே அறுந்துவிடும். மாற்றுக் கருத்து சொல்லக் கூடாது என்றில்லை. முதலில் ‘யா’ என்று ஒத்துக்கொண்டு, அதன்பின் ‘மார்’, அதாவது ‘ஆனால்’, என்று தொடங்க வேண்டும். மழையை நொந்துகொள்பவரிடம் ‘ஆமாம், ஆனால் தோட்டத்துக்கு நல்லது’ என்பது அங்கே தினமும் காதில் விழும் பதில்.

உட்ரெக்ட் நகரத் தெரு ஒன்றில், மழை நாளில், குப்பைத் தொட்டியை வெளியே வைக்க இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

‘வாட் அன் வேர், ஹே?’

‘நவ்! ஹிஸ்தரன் வாஸ் ஹெட் நொஹ் லெக்கர்.’ (அதானே! நேற்றுகூட நன்றாக இருந்தது.)

‘யா. மார் மோர்கன் வோர்ட் ஹெட் ட்ரோஹ்.’ (ஆமாம். ஆனால் நாளைக்கு மழை இருக்காதாம்.)

‘நவ்... ஃபைன டாஹ் நொஹ்!’ (சரி... இந்த நாள் நன்றாகப் போகட்டும்!)

இதில் ‘ஹ்’ என்று எழுதியிருக்கும் இடங்களில் தொண்டையை உரசி ஒலிக்க வேண்டும்.

‘நவ்’ இரண்டு முறை வந்திருப்பதைப் பாருங்கள். முதலில் வந்தது வெடுக்கென்று சொன்னது, முழு மனதான ஆமோதிப்பு. அடுத்தது இழுத்துச் சொன்னது, கிளம்பப் போகிறேன் என்பதற்கான அடையாளம். சில சமயம் அதோடு ஒரு காலடி வீட்டுப் பக்கம் நகர்வதும் தெரியும். அதற்குப் பிறகு பிள்ளைகளின் படிப்பையோ வாடகையையோ எடுத்தால், நின்று கேட்பார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்னொரு ‘நவ்’ வரும். இழுத்த ‘நவ்’ காதில் விழுந்ததும் விடைபெறும் வார்த்தைக்குப் போய்விடலாம். நண்பரைப் போலப் பழகுபவர் என்றால் ‘யை ஓக்’, மரியாதை காட்ட வேண்டிய முதியவர் என்றால் ‘உ ஓக்’. இரண்டுக்கும் அர்த்தம் ‘உங்களுக்கும்’ என்பதே.