காய்ச்சல் விட்டாச்சு... பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாமா?

"ஏனுங்க டாக்டர், பையனுக்குக் காய்ச்சல் விட்டு மூணு நாளாச்சு. இருமல்தான் நிக்க மாட்டேங்குது. ஸ்கூலுக்கு அனுப்பலாங்களா? மத்த பசங்களுக்கு ஒட்டிக்குமோன்னு பயமா இருக்குது."

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கோவைப் பக்கம் தினமும் நாலு தாய்மார்களாவது கேட்கும் கேள்வி இது. இதற்கு நேர்மாறாகச் செய்பவர்களும் உண்டு. காலையில் 102 டிகிரி கொதிக்கும் பிள்ளைக்கு ஒரு பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு வேர்த்துக் குளிர்ந்ததும், "இப்ப சுடலியே!" என்று வேனில் ஏற்றிவிடுவார்கள். முதல் தாய் தேவையில்லாமல் பயப்படுகிறார். இரண்டாவது தாய் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. ஃப்ளூ எத்தனை நாள் ஒட்டும் என்ற கணக்கு தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம்.

2023 மார்ச்சில் நடந்தது

2023-ம் வருடம் மார்ச் மாதம் எச்3என்2 என்ற ஃப்ளூ நாடு முழுக்கப் பரவியது நினைவிருக்கும். மார்ச் 10-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் 1000 காய்ச்சல் முகாம்கள் நடந்தன. புதுச்சேரியில் மார்ச் 16 முதல் 26 வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டுவிட்டார்கள். இங்கே அப்படி விடவில்லை. மார்ச் 13-ந் தேதி பிளஸ் டூ பரீட்சையும் தொடங்கிவிட்டது. ஆக, "அனுப்பலாமா, வேண்டாமா?" என்ற முடிவை அவரவர் வீட்டிலேயே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது இந்திய மருத்துவர் சங்கம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். இருமல் மூன்று வாரம் வரைகூட இருக்கலாம். நமது கேள்விக்கான விடை இந்த இரண்டு கெடுவுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒட்டும் காலம் எது?

ஃப்ளூ கிருமி உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வரும். பெரும்பாலும் இரண்டாவது நாளே வந்துவிடும். ஆனால் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அவர் மூச்சிலும் சளியிலும் கிருமி வெளியே வர ஆரம்பித்திருக்கும். அன்றைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். அந்த ஒரு நாளை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

காய்ச்சல் வந்த முதல் மூன்று நாட்களில் கிருமி மிக அதிகமாக வெளியேறும். பிறகு குறைந்துகொண்டே வந்து, பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நாட்களில் ஓய்ந்துவிடும். இது வெறும் ஊகமல்ல. தாமாக முன்வந்த ஆரோக்கியமானவர்களின் மூக்கில் ஃப்ளூ கிருமியை விட்டு, தினமும் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்டு. அப்படிப்பட்ட 56 ஆராய்ச்சிகளை 2008-ல் ஒன்றாகத் தொகுத்தார்கள். கிருமி வெளியேறுவது இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. சராசரியாக ஐந்து நாளுக்குள் நின்றுவிடுகிறது என்று தெரிந்தது.

சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் இது பத்து நாள் வரை, சில சமயம் அதற்கு மேலும் நீளும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். இவர்கள் தங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

அப்படியானால் இருமல்?

மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய தோல் போன்ற ஒரு படலம் இருக்கிறது. கிருமி அதை அரித்துவிட்டுப் போகிறது. சாணி மெழுகிய தரை பெயர்ந்த மாதிரி அந்த இடம் புண்ணாகிக் கிடக்கும். புதுப் படலம் வளர்வதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குளிர்ந்த காற்று, வாசலில் போடும் புகை, வறுக்கிற மிளகாயின் நெடி எது பட்டாலும் இருமல் வரும். கிருமி போனபின் மிஞ்சிய வறட்டு இருமல் அது. மற்றபடி நன்றாக இருக்கும் பிள்ளையை இந்த இருமலுக்காக இரண்டு வாரம் வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

விதி இதுதான்

காய்ச்சலைக் குறைக்கும் மருந்து எதுவும் கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். கூடவே உடம்புவலி, சோர்வு, மூக்கொழுகல் எல்லாம் மொத்தத்தில் குறைந்துகொண்டு வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் வெளியே போகலாம். போன பிறகும் ஐந்து நாளைக்கு வாயையும் மூக்கையும் மூடும் முகக்கவசம், சோப்புப் போட்டுக் கைகழுவுதல், கூட்டத்தைத் தவிர்த்தல் ஆகியவை வேண்டும். ஏனென்றால் கிருமி குறைந்திருக்குமே தவிர, முற்றிலும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

'மருந்து இல்லாமல்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. காலை ஆறு மணிக்குக் கொடுத்தால், பதினொரு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி கொதிக்கும்.

நான் சித்த மருத்துவன். என்னிடம் வருபவர்களும் "நிலவேம்புக் குடிநீர் குடிச்சிட்டோம், இனி ஒட்டாதுங்களே?" என்று கேட்பதுண்டு. கசாயம் உடம்புவலிக்கும் காய்ச்சலுக்கும் நாங்கள் காலம் காலமாகக் கொடுப்பதுதான். ஆனால் அதைக் குடித்ததால் ஒட்டும் நாள் குறைந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. நிலவேம்போ கபசுரக் குடிநீரோ, எதைக் குடித்தாலும் 24 மணி நேரக் கணக்கில் சலுகை இல்லை.

கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். தெர்மாமீட்டர் வையுங்கள். வாயில் வைத்தால் 100 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அக்குளில் வைத்தால் அரை முதல் ஒரு டிகிரி குறைத்தே காட்டும். அதனால் அங்கே 99-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

பீளமேட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் அப்பா, அம்மா, சர்க்கரையும் இளைப்பும் உள்ள பாட்டி.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தார்கள். திங்கட்கிழமை மாலை பையனுக்கு 102. அப்படியானால் ஞாயிறு மாலையே அவனிடமிருந்து கிருமி வெளியேறத் தொடங்கியிருக்கலாம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் காய்ச்சல் ஏறி இறங்கியது. வியாழன் காலை மாத்திரை கொடுத்தபின் 99. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து அனுப்பிவிடுவார்கள். இந்த அம்மா அனுப்பவில்லை. மதியம் 101 ஆனது. வியாழன் இரவு பத்து மணிக்குக் கடைசி மாத்திரை.

அந்த மாத்திரையின் வேலை வெள்ளி விடியற்காலை நான்கு மணியோடு முடிந்துவிடும். கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி காலை, மதியம், மாலை, இரவு நான்கு முறை பார்த்தாயிற்று, 100-ஐத் தொடவில்லை. சனி காலையும் தொடவில்லை. 24 மணி நேரம் முடிந்தது. சனி, ஞாயிறு நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, திங்கட்கிழமை முகக்கவசத்தோடு பள்ளிக்கூடம். வறட்டு இருமல் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை.

அப்பாவுக்கு புதன் இரவே தொண்டைவலியும் காய்ச்சலும் வந்துவிட்டது. சனி காலை விட்டது. மாத்திரை இல்லாமல் ஞாயிறு காலை வரை வரவில்லை. அவரும் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். ஆனால் பஸ்ஸிலும் கம்பெனியிலும் முகக்கவசம் வேண்டும். மதியச் சோற்றைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"வேலைக்குப் போகலைன்னா கூலி போச்சுங்களே" என்பார்கள். அந்தக் கஷ்டம் நியாயமானது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்து, சந்தா நிபந்தனையும் பூர்த்தியாகியிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. முதல் நாளே இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்த்தால்தான் அந்தச் சான்று ஒழுங்காக அமையும்.

பாட்டிக்குத்தான் ஆபத்து அதிகம். பையனுக்குக் காய்ச்சல் கண்ட அன்றே பாட்டியின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும். பேரனுக்கு ஊட்டிவிடுவது, எச்சில் தம்ளரில் குடிப்பது எல்லாம் ஒரு வாரம் வேண்டாம். பாட்டிக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால்கூட, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஃப்ளூவுக்கான ஆசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் தரும்.

வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் ஃப்ளூ வரும். களைப்பும் இருமலும்தான் தெரியும். இவர்களுக்குத் தெர்மாமீட்டர் உதவாது. உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும்.

விதி எங்கே செல்லாது?

காய்ச்சல் விட்டு, ஒன்றிரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு, மறுபடியும் காய்ச்சல் வந்து இருமலும் அதிகமானால், அது ஃப்ளூவின் வால் என்று விடாதீர்கள். நுரையீரலில் நிமோனியா பிடித்திருக்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூத்தல், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டு கிடத்தல், எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அங்கே கசாயம் கைகொடுக்காது.

நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் எல்லாமே ஃப்ளூவும் அல்ல. சளி, மூக்கொழுகல், தொண்டைவலி எதுவும் இல்லாமல், கண்ணுக்குப் பின்னால் வலியோடு வந்தால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். "விட்டாச்சு" என்று பள்ளிக்கு அனுப்பும் பேச்சே அங்கே இல்லை. ரத்தப் பரிசோதனைதான் முதலில். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை ஆஸ்பிரின், புரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

குறித்து வைத்துக்கொள்ள

• அதிகமாக ஒட்டுவது: காய்ச்சலுக்கு முந்தின நாள் முதல் மூன்றாம் நாள் வரை.

• வெளியே போகலாம்: மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்ற தொல்லைகளும் குறைகின்றன.

• போன பிறகு: ஐந்து நாள் முகக்கவசம்.

• வறட்டு இருமல் மட்டும் மிச்சமிருந்தால்: போகலாம். மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• காலையில் மாத்திரை கொடுத்தால்தான் பிள்ளை எழுந்து நடமாடுகிறான் என்றால்: அன்றைக்கு லீவு லெட்டர்தான்.