எண்ணெய் டின்னும் 0.618-உம்

ஒரு லிட்டர் எண்ணெய் பிடிக்கும் உருளை டின் செய்ய வேண்டும். மூடி, அடி, சுற்று எல்லாம் சேர்த்துத் தகடு குறைவாகச் செலவாக வேண்டும். ஆரம் எத்தனை சென்டிமீட்டர் வைப்பது? ஆரத்தை r என்று வைத்தால் தேவையான தகட்டின் பரப்பு `2πr² + 2000/r` சதுர செ.மீ. வகை நுண்கணிதம் படித்தவர்கள் விடை சுமார் 5.42 என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் உண்மையான வேலைகளில் பல நேரம் சூத்திரமே கையில் இருக்காது. ஓர் எண்ணைக் கொடுத்தால் பதிலுக்கு ஓர் எண் வரும். அந்தப் பதிலுக்காகக் கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். அப்போது ஒவ்வொரு கேள்வியும் விலை உயர்ந்தது. சூத்திரம் தெரியாதது போல வைத்துக்கொண்டு இந்த டின்னையே பார்ப்போம்.

விடை 3-க்கும் 8-க்கும் நடுவே இருக்கிறது, அங்கே பள்ளம் ஒன்றே ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும். உள்ளே ஒரு புள்ளியில் மட்டும் கேட்டால் பள்ளம் அதற்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகள் வேண்டும். 4.91-இல் கேட்டால் 558.8 வருகிறது; 6.09-இல் 561.4. வலப்பக்கத்து மதிப்பு பெரிது. ஆகவே பள்ளத்தின் அடி 6.09-க்கு அப்பால் இருக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடலாம். மிச்சம் 3 முதல் 6.09 வரை.

4.91, 6.09 என்ற விநோதமான எண்கள் எதற்கு? மிச்சமான துண்டுக்குள் 4.91 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதன் மதிப்பு கையில் இருக்க, அதை வீணாக்கலாமா? அடுத்த சுற்றுக்கும் அதுவே சரியான இடமாக அமைய வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் நாம் வைத்துக்கொள்ளும் பங்கு t-க்கு `t² = 1 − t` என்ற நிபந்தனை வந்து சேரும். அதைத் தீர்த்தால் 0.618. பொன் விகிதம் இந்த முறைக்குள் நுழைந்தது அழகுக்காக அல்ல, சிக்கனத்துக்காக. இனிச் சுற்றுக்கு ஒரே ஒரு புதிய கேள்வி போதும்.

4.18-இல் கேட்கிறோம்: 588.2. இடப்பக்கம் போகிறது. 5.36-இல் கேட்கிறோம்: 553.6. மறுபடி இடப்பக்கம் போகிறது. நான்கே கேள்விகளில் 4.91 முதல் 6.09 வரை என்று இடைவெளி 1.18-க்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் இதற்குப் பிறகும் வேகம் கூடுவதில்லை. பத்தாவது சுற்றிலும் நூறாவது சுற்றிலும் இடைவெளி அதே 0.618 மடங்காகத்தான் குறையும். விடையில் ஓர் இலக்கம் கூடுதலாக வேண்டுமென்றால் ஏறத்தாழ ஐந்து கேள்விகள், அதற்கடுத்த இலக்கத்துக்கும் அதே ஐந்து. இதைத்தான் நேரியல் ஒருங்கல் என்கிறார்கள்.

காரணம், இந்த முறை மதிப்புகளைக் கேட்டு வாங்கிவிட்டு, எது பெரிது என்று மட்டும் பார்க்கிறது. எவ்வளவு பெரிது என்பதைக் கவனிப்பதே இல்லை. 588.2 என்பது 558.8-ஐவிட முப்பது அளவு உயர்ந்திருப்பதும், அரை அளவு உயர்ந்திருப்பதும் இதற்கு ஒன்றுதான். பள்ளத்தின் வளைவைப் பற்றிய செய்தி முழுவதும் அந்த வித்தியாசங்களில் இருக்கிறது. அதே மூன்று மதிப்புகளை, அதாவது 4.91, 5.36, 6.09 ஆகிய இடங்களில் கிடைத்தவற்றை எடுத்து, அவற்றின் வழியே ஒரு பரவளையம் வரைந்து பாருங்கள். அதன் அடி 5.44-இல் விழுகிறது. ஒரே தாவலில் உண்மை விடையிலிருந்து 0.02 தூரத்துக்கு வந்துவிட்டோம்! பொன் விகிதத் தேடல் தன் இடைவெளியை அந்த அளவுக்குக் குறைக்க இன்னும் ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும்.

இதை முறையின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பிடுவதை மட்டும் நம்பினால் இதைவிடப் பெரிதாக வேகம் கிடைக்காது. ஜாக் கீஃபர் 1953-இல் இதை நிறுவிக் காட்டினார்: கேள்விகளின் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் ஃபிபோனாச்சி எண்களின்படி வெட்டுவதே மிகச் சிறந்தது. அந்த எண்களின் விகிதமும் போகப்போக 0.618-ஐயே நெருங்குகிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து நாம் வாங்குவது உத்தரவாதம். சார்பு கோணல்மாணலாக இருந்தாலும், முனை கூராக இருந்தாலும், பள்ளம் ஒன்றாக இருக்கும்வரை இந்தச் சுருக்கம் பொய்க்காது. பரவளையத்துக்கு அந்த உறுதி இல்லை. வளைவு பொருந்தாத இடத்தில் அது எங்கோ தாவிவிடும்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பள்ளங்கள் இரண்டாக இருந்தால் தேடல் ஏதோ ஒன்றில் போய் அமைதியாக நின்றுவிடும், எச்சரிக்கை எதுவும் வராது. அதனால் முடிந்தால் முதலில் பத்துப் பதினைந்து இடங்களில் மதிப்பு எடுத்து வரைந்து பார்த்துவிடுங்கள். இரண்டாவது, பள்ளத்தின் அடி தட்டையானது. வழக்கமான கணினி எண்களில் சுமார் 16 இலக்கங்கள் உண்டு. ஆனால் அடியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கமாகத்தான் மதிப்பு உயர்வதால், விடையில் சுமார் எட்டு இலக்கங்களுக்கு மேல் கிடைக்காது. அதற்குமேல் போனால் இரு புள்ளிகளின் மதிப்பும் ஒன்றாகவே தெரியும். ஒப்பீடு வெறும் குருட்டு அதிர்ஷ்டமாகிவிடும்.

ரிச்சர்ட் பிரெண்ட் 1973-இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் சேர்த்தார்: பரவளையம் ஒழுங்காக நடக்கும்வரை அதன் பின்னால் போ, அது தடுமாறினால் பொன் விகிதத்துக்குத் திரும்பு. இன்று பைத்தானில் எல்லை எதுவும் தராமல் `scipy.optimize.minimize_scalar` என்று அழைத்தால் ஓடுவது பிரெண்டின் முறைதான்.