நூறு ரூபாய்க்கே விலை போகும் கூப்பன்

ஒரு கடன் பத்திரம் அதன் முகமதிப்புக்கே, அதாவது 100 ரூபாய்ப் பத்திரம் சரியாக 100 ரூபாய்க்கே விலை போக, அதற்கு எவ்வளவு கூப்பன் வட்டி இருக்க வேண்டும்? இதற்கு விடையாக வரும் வட்டி விகிதம்தான் பார் யீல்டு. இந்திய ரிசர்வ் வங்கி நடத்தும் அரசுப் பத்திர ஏலங்களில் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை கிடைத்துவிடுகிறது. புதிய பத்திரமாக இருந்தால் பங்கேற்பவர்கள் விலையைக் கேட்பதில்லை, தங்களுக்கு வேண்டிய யீல்டைக் கேட்கிறார்கள். குறைந்த யீல்டு கேட்டவரிலிருந்து தொடங்கி, அரசுக்குத் தேவையான தொகை நிரம்பும் இடத்தில் கோடு போடப்படுகிறது. அந்த யீல்டே பத்திரத்தின் கூப்பனாகி, பெயரிலும் ஒட்டிக்கொள்கிறது. 2024 ஏப்ரலில் வெளியான 10 ஆண்டுப் பத்திரத்துக்கு 7.10% GS 2034 என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

ஏலம் நடக்காத நாளிலும் இந்த எண் தேவைப்படும். புதிதாகக் கடன் பத்திரம் வெளியிட நினைக்கும் நிறுவனம் எந்தக் கூப்பனை அறிவிப்பது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அப்போது கைகொடுப்பவை ஸ்பாட் விகிதங்கள். இன்று போடும் பணம் இடையில் எதுவும் தராமல், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரே தொகையாகத் திரும்பி வந்தால் அதற்குக் கிடைக்கும் வட்டியே அந்தக் காலத்துக்கான ஸ்பாட் விகிதம். இடையில் வட்டி தராத 182 நாள், 364 நாள் கருவூல பில்கள் குறுகிய காலங்களுக்கு இதைக் காட்டிவிடுகின்றன. அதற்கு மேற்பட்ட காலங்களுக்குக் கூப்பன் பத்திரங்களின் விலைகளிலிருந்து படிப்படியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலை முடிந்து, ஸ்பாட் விகிதங்கள் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே இந்தக் கணக்கு தொடங்குகிறது.

இந்திய அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருபவை. எனவே இரண்டு ஆண்டுப் பத்திரத்தில் நான்கு தவணைகள் இருக்கும். அவற்றுக்கான ஸ்பாட் விகிதங்கள் ஆறு மாதத்துக்கு 6%, ஓர் ஆண்டுக்கு 6.4%, ஒன்றரை ஆண்டுக்கு 6.7%, இரண்டு ஆண்டுக்கு 7% என்று கொள்ளலாம். இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். எல்லாமே அரையாண்டுக் கூட்டுவட்டி அடிப்படையில் சொல்லப்பட்டவை.

முதல் வேலை, எதிர்காலத்தில் வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன என்று பார்ப்பது. ஆறு மாதம் கழித்து வரும் ரூபாயை 1.03 ஆல் வகுத்தால் 0.9709. ஓர் ஆண்டு என்றால் 1.032 ஆல் இருமுறை வகுக்க வேண்டும்; 0.9389 வருகிறது. ஒன்றரை ஆண்டுக்கு 1.0335 ஆல் மூன்று முறை வகுத்தால் 0.9059. இரண்டு ஆண்டுக்கு 1.035 ஆல் நான்கு முறை வகுத்தால் 0.8714. ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் விகிதமே பயன்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த நான்கு எண்களும் தள்ளுபடிக் காரணிகள் எனப்படும்.

இனி மிச்சமிருப்பது சிறு கணக்குதான். இன்று 100 ரூபாய் கொடுப்பவருக்கு முடிவில் அதே 100 ரூபாய் முதலாகத் திரும்புகிறது. ஆனால் இரண்டு ஆண்டு கழித்து வரும் அந்த 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 87.14 தான். குறையும் 12.86 ரூபாயை நான்கு கூப்பன்களும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். தவணைக்கு ஒரு ரூபாய் கூப்பன் என்றால் நான்குக்கும் சேர்த்து இன்றைய மதிப்பு, காரணிகளின் கூட்டுத்தொகையான 3.6871. எனவே 12.86-ஐ 3.6871 ஆல் வகுத்தால் தவணைக்கு 3.487 ரூபாய், அதை இரட்டித்தால் ஆண்டுக்கு 6.97%. இதுதான் பார் யீல்டு. சூத்திரமாக எழுதினால்:

```
c = 2 × (1 − d4) / (d1 + d2 + d3 + d4)
```

விடையைச் சரிபார்ப்பதும் எளிது. 3.487 ரூபாய்க் கூப்பனின் இன்றைய மதிப்பு முதல் மூன்று தவணைகளில் முறையே 3.39, 3.27, 3.16. கடைசித் தவணையில் கூப்பனும் முதலும் சேர்ந்து 103.487, அதன் இன்றைய மதிப்பு 90.18. எல்லாம் கூட்டினால் 100 ரூபாய்.

இந்தப் பிரிப்பிலேயே இன்னொரு விஷயமும் வெளிப்படுகிறது. நூறில் 90 ரூபாய்க்கு மேல் கடைசித் தவணையிலிருந்தே வருவதால், பார் யீல்டு கடைசி ஸ்பாட் விகிதமான 7 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. முந்தைய தவணைகளின் விகிதங்கள் தாழ்வாக இருப்பதால் அதைச் சற்றே கீழே இழுக்கின்றன. நான்கு விகிதங்களுக்கும் சராசரி எடுத்தால் போதாதா என்ற எண்ணம் புதிதாகக் கற்பவருக்கு எழுவது இயல்பு. அந்தச் சராசரி 6.525%. அதைக் கூப்பனாக வைத்தால் பத்திரத்தின் விலை 99.17 ஆகிவிடும், நூறை எட்டாது. மாறாக 7 சதவீதத்தையே வைத்தால் 100.05, சற்றுத் தாண்டிவிடும். இரண்டு ஆண்டில் அற்பமாகத் தெரியும் இந்த இடைவெளி, விகிதங்கள் இதேபோல ஏறிக்கொண்டே போனால் நீண்ட காலப் பத்திரங்களில் நன்றாகவே விரியும்.

அப்படியென்றால் சந்தையில் ஏற்கெனவே இருக்கும் ஏதோவொரு இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் முதிர்வு யீல்டையே பார் யீல்டாக எடுத்துக்கொள்ளலாமா? அதில்தான் சிக்கல். இதே ஸ்பாட் விகிதங்களில் 9% கூப்பன் பத்திரத்தின் விலை 103.74, அதன் முதிர்வு யீல்டு 6.966%. கூப்பனே இல்லாத பத்திரத்துக்கு அது 7%. பார் பத்திரத்துக்கு 6.973%. காலம் ஒன்று, விகிதங்களும் அவையே. ஆனாலும் மூன்று யீல்டுகள். கூப்பன் பெரிதாக இருந்தால் பணத்தில் கூடுதல் பங்கு முன்கூட்டியே, தாழ்ந்த விகிதங்களில் வந்துவிடுவதே காரணம். விலை நூறாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தக் குழப்பத்தை நீக்கி, ஒரு காலத்துக்கு ஒரே எண்ணைத் தருகிறது. அமெரிக்கக் கருவூலத் துறை நாள்தோறும் வெளியிடும் யீல்டு வளைகோடும் பார் யீல்டு வளைகோடுதான்.

கணக்கில் தவறு நுழையும் வாசல் பெரும்பாலும் ஒன்றே: வட்டியை எந்த அடிப்படையில் சொல்கிறோம் என்பது. மேலே கண்ட 6.97% அரையாண்டு அடிப்படையிலானது. அதையே ஆண்டுக் கூட்டுவட்டியாகச் சொன்னால் 7.09% ஆகும். ஸ்பாட் விகிதங்கள் ஆண்டுக் கூட்டுவட்டியில் தரப்பட்டிருந்தும், பாதியாக்கி அரையாண்டு விகிதம்போலப் பயன்படுத்தினால் தள்ளுபடிக் காரணிகள் எல்லாமே பிசகும். கூப்பனை இரட்டிக்க மறந்தால் 3.49% என்று வரும். அது பார்த்தவுடனே தெரிந்துவிடும், ஏனெனில் பார் யீல்டு, தரப்பட்ட ஸ்பாட் விகிதங்களில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடையில்தான் இருக்க முடியும். ஸ்பாட் விகிதங்கள் ஏறுமுகமாக இருக்க, பார் யீல்டு கடைசி விகிதத்தைவிட அதிகமாக வந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது. இறங்குமுகமாக இருந்தால் இது தலைகீழாகும். எல்லா விகிதங்களும் ஒன்றாகவே இருந்தால் பார் யீல்டும் அதுவேதான்.

முழுத் தவணைகள் மட்டுமே மிச்சமிருக்கும் நாளுக்குத்தான் மேலே தந்த சூத்திரம் அப்படியே பொருந்தும். இரண்டு கூப்பன் தேதிகளுக்கு நடுவில் கணக்கிடுவதென்றால், விற்பவருக்கு அதுவரை சேர்ந்த வட்டியைத் தனியே சேர்த்துக்கொண்டு, அது நீங்கலான விலையை நூறாக வைத்துக் கூப்பனைத் தேட வேண்டும்.