லோடு 96, சிபியு சும்மா

காலை 6:43. நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய அலுவலகத்தின் இரவுப் பணியில் இருந்த பையன் போன் செய்தான். "அண்ணா, பில்லிங் சர்வர்ல லோடு தொண்ணூத்தாறு காட்டுது. ரீபூட் பண்ணிரவா?"

"வேணாம் தம்பி. பில்லிங் ஓடுதா?"

"ஓடுதுண்ணா. அதான் புரியல. டைப் பண்ணா உடனே பதில் வருது."

அவன் அனுப்பிய `top` திரையில் இருந்தது இது:

```
load average: 96.02, 95.20, 93.15
%Cpu(s): 0.3 us, 0.2 sy, 0.0 ni, 99.5 id, 0.0 wa
```

நான்கு கோர் உள்ள இயந்திரம் அது. லோடு 4-ஐத் தாண்டினாலே கோர்களுக்கு வரிசை நிற்கிறது என்றுதான் பலரும் படித்திருப்பார்கள். அந்தக் கணக்கில் 96 என்றால் இயந்திரம் மூச்சுத் திணறவேண்டும். ஆனால் இரண்டாவது வரியில் `id` 99.5, சிபியுவுக்கு வேலையே இல்லை. இரண்டு வரிகளும் உண்மைதான். முதல் வரி எதை எண்ணுகிறது என்பதில்தான் குழப்பம்.

தாலுகா அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெஞ்சில் 96 பேர். எல்லோருடைய கோப்பும் பதிவறையிலிருந்து வரவேண்டும். பதிவறைச் சாவி வைத்திருப்பவர் வரவில்லை. எழுத்தரைப் பார்த்தால் அலுவலகம் காலி, பெஞ்சைப் பார்த்தால் கூட்டம். லினக்ஸின் லோடு ஆவரேஜ் பெஞ்சில் காத்திருப்பவர்களையும் சேர்த்தே எண்ணும்.

தொடக்கத்தில் அப்படி இல்லை. சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளும், சிபியு கிடைக்கக் காத்திருக்கும் வேலைகளும் மட்டுமே கணக்கில் வந்தன. 1993-ல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பிய ஒரு திருத்தம் அதை மாற்றியது. அவருடைய வாதம் எளிமையானது: வேகமான ஸ்வாப் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் இயந்திரம் மந்தமாகிறது, ஆனால் எல்லா வேலைகளும் டிஸ்க்குக்காகத் தூங்கிக்கொண்டிருப்பதால் லோடு எண் குறைகிறது. அது தவறான படம். எனவே இடையில் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கும் வேலைகளும் கணக்கில் சேர்ந்தன. `ps` திரையில் அந்தத் தூக்கத்துக்கு அடையாளம் D என்ற எழுத்து. சாதாரணத் தூக்கம் S. அதை லோடு எண்ணுவதில்லை.

ஏன் எழுப்ப முடியாது? ஒரு புரோகிராம் டிஸ்க்கிடம், "இந்தத் தகவலை நினைவகத்தின் இந்த இடத்தில் கொண்டுவந்து போடு" என்று கர்னல் வழியாகச் சொல்லிவிட்டது. டிஸ்க் பதில் தரும் முன்பே புரோகிராமைக் கொன்று, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், தாமதமாக வரும் தகவல் அந்த வேறொருவரின் நினைவகத்தில் விழும். அதனால்தான் லோக்கல் டிஸ்க்குக்காக D-யில் நிற்பவற்றை `kill -9` கூட அசைக்காது. இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. வேலைக்காகாத `kill`-ஐத் திரும்பத் திரும்ப அடித்துப் பொழுது கழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே லோடு எகிறி, சிபியு சும்மா இருந்தால், முதல் கேள்வி: D-யில் நிற்பது யார், எங்கே நிற்கிறார்கள்? தம்பியிடம் இதை ஓட்டச் சொன்னேன்:

```
ps -eo state,pid,wchan:24,cmd | grep '^D'
```

பக்கம் பக்கமாக ஒரே மாதிரி வரிகள் வந்தன:

```
D  4127 rpc_wait_bit_killable    df -h
```

மூன்றாவது பத்திதான் உயிர்நாடி. கர்னலுக்குள் எந்த இடத்தில் அந்த வேலை தூங்குகிறது என்பதை அது சொல்கிறது. `rpc` என்று தொடங்கினால் நெட்வொர்க் வழி டிஸ்க், அதாவது என்எஃப்எஸ், பதில் தரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். பெயரில் உள்ள `killable` என்பதற்கும் பொருள் உண்டு. 2008-க்குப் பிறகு வந்த கர்னல்களில் இத்தகைய காத்திருப்பை மட்டும் `kill -9` முடித்துவைக்கும். ஆனால் 96 பேரை வெளியேற்றினாலும் அடுத்தவர் வந்து உட்காரத்தான் போகிறார்.

அந்த அடுத்தவர் யார் என்பதில்தான் முழுக்கதையும் இருந்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை `df -h` ஓட்டும்படி கிரானில் நான்தான் போட்டிருந்தேன். பேக்கப் பெட்டி என்எஃப்எஸ் வழியாக இணைந்திருந்தது. பெட்டி பேசாமல் போனதும் ஒவ்வொரு `df`-ம் வந்து, கேட்டு, பதில் வராமல் உறைந்தது. என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அமைப்பு அப்படித்தான்: பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும், பாதியில் விட்டால் எழுதிய தகவல் தொலைந்துவிடும் என்பதால்.

96 வேலைகளை ஐந்தால் பெருக்கினால் 480 நிமிடம், எட்டு மணி நேரம். கடைசி வேலை 6:40-க்கு வந்தது என்றால் முதலில் உறைந்தது இரவு 10:45-க்கு. 10:40-க்கு ஓடியது நன்றாக முடிந்திருக்கிறது.

"தம்பி, ராத்திரி பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஏதாச்சும் நடந்துச்சா?"

"கரண்ட் போய் வந்துச்சுண்ணா. ஒரு நிமிஷம்கூட இருக்காது."

பில்லிங் சர்வருக்கு யுபிஎஸ் இருந்தது. பேக்கப் பெட்டிக்கு இல்லை. கரண்ட் வந்த பிறகு அது தானாக எழவும் இல்லை. `dmesg` திரையிலும் `not responding, still trying` என்ற வரி இரவிலிருந்தே காத்துக்கிடந்தது. ரீபூட் செய்திருந்தால் ஓடிக்கொண்டிருந்த பில்லிங் நின்றிருக்கும், பெட்டி எழுந்திருக்காது.

`wa` ஏன் பூஜ்யம் என்று கேட்கலாம். அந்த எண்ணை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். டிஸ்க் வேலைக்காக யாராவது காத்திருக்கும்போது சிபியு சும்மா இருந்தால், அந்தச் சும்மா நேரத்துக்கு ஒட்டும் பெயர்தான் `wa`. என்எஃப்எஸ்ஸின் இந்தக் காத்திருப்புக்கு அந்தப் பெயர் ஒட்டுவதில்லை. அது வெறும் `id`-ஆகவே தெரியும். லோக்கல் டிஸ்க் நோய்ப்பட்டால் `wa` ஏறும். ஆனால் அப்போதும், சிபியுவுக்கு வேறு கணக்கு வேலை ஒன்றைக் கொடுத்தால் சும்மா நேரம் குறைந்து `wa`-வும் இறங்கிவிடும். டிஸ்க் குணமாகியிருக்காது. லோக்கல் டிஸ்க் மீது சந்தேகம் என்றால் `iostat -x 1` ஓட்டி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று `r_await`, `w_await` பத்திகளில் பாருங்கள். சுழலும் டிஸ்க்கில் பத்துக்குப் பக்கத்தில் இருப்பது இயல்பு. நூற்றுக்கணக்கில் நின்றால் டிஸ்க் திணறுகிறது, அல்லது சாகிறது. `blocked for more than 120 seconds` என்ற வரி `dmesg`-ல் தென்பட்டால், அடுத்த நிமிடம் பேக்கப் எடுக்கத் தொடங்குங்கள்.

தம்பி பெட்டியின் பொத்தானை அழுத்தியபோது மணி ஏழு. அது எழுந்து பேச 7:08 ஆனது. அதற்குள் ஐந்து `df` கூடி, பெஞ்சில் 101 பேர். பெட்டி பதில் சொன்ன நொடியில் அத்தனையும் முடிந்து போய்விட்டன.

ஒரு நிமிடம் கழித்து மறுபடி போன். "அண்ணா, லோடு இன்னும் முப்பத்தேழு இருக்கே. கடைசி நம்பர் தொண்ணூத்தொண்ணு."

அது பழைய சூடு. மூன்று எண்களும் 1, 5, 15 நிமிடச் சராசரிகள். பழையதை ஒரேயடியாக மறக்காமல் தேய்ந்தபடி இறங்குபவை. D வரிசை காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். காலியாக இருந்தது. 7:13-க்கு முதல் எண் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. கடைசி எண் 70-ல் இருந்தது.

அன்று மதியம் கிரான் வரியை `timeout 30 df -h` என்று மாற்றினேன். பேக்கப் பெட்டிக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு வயர் இழுத்தோம்.